சீனக்குடாவுக்கு மாறும் நம் அலுவலகம்: கேள்விப் பெட்டியில் விழுந்தவையும் பதில்களும்

திருகோணமலை நகரத்தின் உட்துறைமுக வீதிக் கட்டடத்தில் இருந்து அலுவலகம் சீனக்குடாவுக்கு மாறும் என்று ஜூன் 1ஆம் திகதி அறிவித்திருந்தோம். அதன் பிறகு வரவேற்பறைக் கேள்விப் பெட்டியில் விழுந்தவை, ஒத்திகை வாரத்தில் நேரில் வந்து கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து ஜூலை 13ஆம் திகதி இதைத் திருத்தி எழுதியிருக்கிறோம். கேள்விகள் எழுதியவர்களின் சொல்லிலேயே இருக்கின்றன. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றில் காரம் கூடியதைத் தெரிந்தெடுத்தோம்.

எப்பதான் போறம்? ஆளுக்கொரு திகதி சொல்லிக்கொண்டு திரியினம்.

இரண்டு தொகுதியாகப் போகிறோம். நிர்வாகம், வாடிக்கையாளர் சேவை, கணினிப் பிரிவு மூன்றுக்கும் ஓகஸ்ட் 1, 2 சனி ஞாயிறில் சாமான் ஏறும். ஓகஸ்ட் 3 திங்கள் புது இடத்தில் வேலை. கணக்கு, சம்பளப் பிரிவுகளுக்கு ஓகஸ்ட் 8, 9 சனி ஞாயிறில் சாமான் ஏறும். 10ஆம் திகதி திங்கள் அங்கே வேலை. பழைய கட்டடத்தின் திறப்பு ஓகஸ்ட் 31 அன்று உரிமையாளரிடம் போய்விடும். அதற்குப் பிறகு அங்கே மறந்து வைத்த குடையைக்கூட எடுக்க முடியாது.

ஏன் ரெண்டு தரமா? ஒரே நாளில தூக்கி வைக்க ஏலாதோ?

ஏலும். ஆனால் ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் சம்பளப் பட்டியல் போட்டுக்கொடுக்கிற வேலை நம்முடையது. ஒரு மாதத்தில் நமக்கு மூச்சு விடக் கிடைக்கிற நாட்கள் மிகக் குறைவு. ஜூன் மாதத்துக்கான ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பை ஜூலை முடிவதற்குள் கட்டியாக வேண்டும். ஜூலைச் சம்பளத்தில் பிடித்த வரியை ஓகஸ்ட் 15க்குள் கட்ட வேண்டும். அது முடிய, 20க்குள் பெறுமதி சேர் வரி, 25இல் சம்பளம். இந்த வரிசையில் சேமலாப நிதி முடிந்து, முதல் தொகுதியும் போய்ச் சேர்ந்து, சம்பள வரி நெருக்காத வார இறுதி 8, 9தான். 10ஆம் திகதி ஒரு சேர்வர் எழும்பாவிட்டாலும் 15க்கு முன்னே நான்கு நாள் கையில் இருக்கும்.

முதல் தொகுதி ஒரு வாரம் முந்திப் போவதற்கும் இதுவே காரணம். இணையம், தொலைபேசி, ஜெனரேட்டர் ஆகியவற்றில் என்ன கோளாறு வந்தாலும் அதை அவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்யட்டும். சம்பளப் பிரிவு தயாரான மேசையில் போய் உட்காரட்டும்.

என்ன காரணத்துக்காகப் போறம் எண்டு ஒளிக்காமச் சொல்லுங்கோ.

வாடகை ஒப்பந்தம் முடிகிறது. உரிமையாளர் கட்டடத்தை விடுதியாக்கப் போகிறார், புதுப்பிக்கச் சம்மதிக்கவில்லை. ஆட்குறைப்புக்கு இது முன்னோட்டம் என்றொரு கதை உலவுகிறது. அப்படி எந்தத் திட்டமும் இல்லை. புது இடத்தில் இப்போது இருப்பவர்கள் எல்லோருக்கும் மேசை போட்டாயிற்று. இந்தத் திகதியைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் வாடைக்கால மழை. ஒக்டோபருக்குப் பிறகு கோப்புப் பெட்டிகளைத் திறந்த லொறியில் ஏற்ற யாரும் துணிய மாட்டார்கள்.

நான் நிலாவெளியில இருந்து வாறன். இப்ப ஒரே பஸ். இனி டவுன்ல இறங்கி இன்னொரு பஸ் மாறி எப்பிடி எட்டரைக்கு வந்து சேருறது?

இந்த மாற்றத்தில் அதிகம் பாதிக்கப்படுவது வடக்குப் பக்கத்தவர்கள்தான்: குச்சவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி. உங்களுக்குக் கிலோமீற்றர் கூடுவது பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி, ஒரு பஸ் இரண்டு பஸ் ஆவது. வரைபடத்தைப் பார்த்துக் கிலோமீற்றரில் மட்டும் கணக்குப் போட்டிருந்தால் உங்களுக்கும் அனுராதபுரச் சந்தியில் இருப்பவருக்கும் ஏறத்தாழ ஒரே தூரந்தான் கூடுகிறது என்று முடிவுக்கு வந்திருப்போம். ஆகவே வீட்டு வாசலில் இருந்து மேசை வரை எடுக்கும் நேரத்தையே அளவாக வைத்தோம்.

ஜூலை 6 முதல் 10 வரையான ஒத்திகை வாரத்தில் நிலாவெளி ஊழியர் ஒருவர் தினமும் பஸ்ஸில் சீனக்குடாவுக்குப் போய் வந்தார். காலையில் எல்லோரும் பயந்த அளவுக்கு மோசமில்லை. முன்பு முக்கால் மணி நேரம் எடுத்தது, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கிண்ணியா பஸ் நகரப் பஸ் நிலையத்திலேயே புறப்படுவதால் இருக்கை கிடைத்தது. மாலையில்தான் விளையாட்டு. சீனக்குடாவில் நின்று மறிக்கும்போது, கிண்ணியாவில் இருந்து வரும் பஸ் ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. ஐந்து நாளில் இரண்டு நாள் முதல் பஸ் நிற்காமலே போனது. அடுத்ததைப் பிடித்து நகரத்துக்கு வந்தால் நிலாவெளிப் பஸ் போய்விட்டது. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. காலை நேரத்தை மட்டும் அளந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே வான் ஒழுங்கு செய்திருக்கிறோம். காலை 7.10க்கு நிலாவெளியில் புறப்பட்டு, சாம்பல்தீவு, உப்புவெளி, நகரப் பஸ் நிலையம் வழியாக அலுவலகத்துக்கு வரும். மாலை 4.45க்கு அதே பாதையில் திரும்பும். 14 இருக்கை, பெயர் தந்திருப்பவர்கள் 11 பேர். குச்சவெளியில் இருந்து வருபவர் ஒருவர்தான் என்பதால் வான் அங்கே வராது. நிலாவெளி வரையான பஸ் கட்டணத்தை அவருக்குத் தருகிறோம். வான் ஓகஸ்ட் 3இல் இருந்து ஓடும். பணம் கட்டத் தேவையில்லை. சொல்லிவைத்த தரிப்பில் மூன்று நிமிடம் காத்திருக்கும், அதற்கு மேல் நிற்காது. இதில் தாட்சணியம் பார்த்தால், பின்னால் ஏறுகிற எல்லோரும் பிந்துவார்கள்.

வான்ல இருக்கிற நேரம் வேலை நேரமோ?

இல்லை. வீட்டில் இருந்து வேலைக்கு வருகிற நேரம் வேலை நேரத்தில் சேராது. வான் பழுதாகிப் பிந்தினால் மட்டும் அந்தப் பிந்தலைப் பதிவில் போட மாட்டோம்.

மூதூரில இருந்து லோஞ்சில வந்து இறங்குதுறையில இருந்து நடந்தே அலுவலகத்துக்கு வந்திருவன். இனி எனக்கு லோஞ்சால பிரயோசனம் இல்லையே?

உண்மைதான். நகர இறங்குதுறையில் இறங்கி மறுபடி சீனக்குடாவுக்குப் பஸ் எடுப்பதென்றால், துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு வந்த திசையிலேயே திரும்பிப் போவதாகிவிடும். உங்களுக்கு இனி வழி தரைப்பாதைதான்: மூதூரில் இருந்து கிண்ணியா, பாலத்தைக் கடந்து வெள்ளைமணல், சீனக்குடா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் என்றால், இந்த இடமாற்றத்தை உங்களிடம் சொல்லவே எங்களுக்கு வாய் வந்திருக்காது. இப்போது திருகோணமலைக்கு வரும் பஸ் புது அலுவலகத்துக்குப் போகும் வீதியாலேயே வருகிறது. மாற வேண்டியதில்லை.

நேரத்தைப் பார்த்தால், ஒத்திகையில் மூதூர்க்காரர் இருவருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. கடல் கொந்தளிக்கும் மார்கழியில் லோஞ்ச் ஓடுமா ஓடாதா என்று காலையில் துறைக்குப் போய் நின்று பார்க்கிற தொல்லையும் போகிறது. நட்டம் ஒன்று இருக்கிறது. காலைப் பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எட்டரைக்குக் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே மூதூர், கிண்ணியா, தம்பலகாமத்தில் இருந்து பஸ்ஸில் வருபவர்கள் 8.00க்கும் 9.15க்கும் இடையில் எப்போது வந்தாலும் சரி. வழக்கமான சாப்பாட்டு இடைவேளையும் சேர்த்து, வந்த நேரத்தில் இருந்து எட்டு மணி நேரம். இந்த நெகிழ்வை வடக்குப் பக்கத்தவர்களுக்கும் தருகிறோம். வானில் வருபவர்களுக்குத்தான் அது பயன்படாது, வான் ஒரு நேரத்துக்குத்தான் ஓடும்.

கந்தளாய்ப் பஸ் சீனக்குடாவுக்குள்ள வராதே?

வராது. கண்டி வீதியில் கிண்ணியாப் பக்கம் பிரியும் சந்தியில் இறங்க வேண்டும். அங்கிருந்து அலுவலகத்துக்கு ஆட்டோ ஒன்றை மாத வாடகைக்குப் பேசியிருக்கிறோம், காலை 8.10க்கும் 8.30க்கும் சந்தியில் நிற்கும், மாலையிலும் கொண்டுபோய் விடும். ரயில் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீனக்குடாவில் நிலையம் இருக்கிறது, ஆனால் அலுவலக நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி ரயில் இல்லை. கொழும்புக்குப் போகிற அன்று வேண்டுமானால் அது வசதி.

மோட்டார் சைக்கிள்ல வாற எங்களுக்கு என்ன? பெற்றோல் விலை மாசத்துக்கு மாசம் ஏறி இறங்குது. இண்டைக்கு ஒரு தொகை சொல்லிப்போட்டு பேந்து அதிலயே நிண்டால் எங்களுக்குத்தான் நட்டம்.

அதனால்தான் ரூபாயில் பேசாமல் லீற்றரில் பேசுகிறோம். கணக்கு இதுதான். உப்புவெளியில் இருந்து வருபவருக்கு ஒரு வழிக்கு 10 கிலோமீற்றர் கூடுகிறது என்று வையுங்கள். போக வர 20. மாதம் 22 வேலை நாள் என்றால் 440 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்று எடுத்தால் 11 லீற்றர். அந்த மாதம் முதலாம் திகதி பம்பில் 92 ஒக்டேன் என்ன விலையோ, அந்த விலையில் 11 லீற்றருக்கான பணம் 25ஆம் திகதி சம்பளத்தோடு வரும். விலை ஏறினால் தொகை ஏறும், இறங்கினால் இறங்கும்.

புது வண்டிகள் லீற்றருக்கு 40க்கு மேல் ஓடும் என்பது தெரியும். அந்த மிச்சத்தை எண்ணெய் மாற்றவும் டயருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுபவர்களிடம் இருந்து, தங்கள் வண்டி 40 ஓடாது என்று மூன்று கடிதம் வந்தது. அவர்களுக்கு 35 என்று கணக்குப் போடச் சம்மதித்திருக்கிறோம். விடுமுறை எடுத்த நாட்களைக் கழிப்போம். ஒருவர் பின்னால் ஒருவர் ஏறி வந்தால் வண்டிக்காரருக்கு மட்டும் பணம்.

பஸ்ஸுக்கு டிக்கட் காட்டச் சொன்னா? தனியார் பஸ்ல எவன் டிக்கட் தாறான்?

டிக்கட் வேண்டாம். உங்கள் தரிப்பில் இருந்து சீனக்குடா வரைக்கும், பழைய அலுவலகம் வரைக்கும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கட்டணங்களைப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருகிறோம். மூதூர்க்காரர் சிலருக்குப் புதுச் செலவு பழையதை விடக் குறைகிறது. அதை அவர்களிடம் இருந்து பிடிக்கப்போவதில்லை.

இந்தக் காசைச் சம்பளத்தோட கூட்டித் தந்தா என்ன? சேமலாப நிதியிலயும் கூடச் சேருமே.

நியாயமான கேள்வி. சம்பளமாகக் கூட்டினால் அதில் 8 வீதம் உங்களிடம் இருந்து பிடிபடும், நாங்கள் 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். உங்கள் எதிர்காலக் கணக்கு வளரும், ஆனால் பெற்றோலுக்குக் கையில் வரும் காசு குறையும். நாங்கள் இப்போது தருவது நீங்கள் செலவழித்ததை ஈடுசெய்யும் பணம். சம்பளம் அல்ல என்பதால் அதில் பிடிப்பும் இல்லை, பங்களிப்பும் இல்லை, பணிக்கொடைக் கணக்கிலும் அது வராது. எங்களுக்கு இதில் செலவு குறைவு என்பதை மறைக்கவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளமாகக் கூட்டினால் கிண்ணியாவில் இருந்து வருபவருக்கும், பாதை குறுகிய மற்றவர்களுக்கும் ஒரு சதமும் கூடாது, நிலாவெளிக்காரருக்கு மட்டும் கூடும். அப்போது ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்று அடுத்த கடிதம் வரும்.

மத்தியானம் ஒண்டரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டுபோய் அம்மம்மாவிட்ட விட்டிட்டு ரெண்டு மணிக்குத் திரும்பி வருவன். சாப்பாட்டு நேரத்தில இதை இத்தனை வருசமாச் செய்யிறன். சீனக்குடாவில இருந்து இது நடக்குமோ?

நடக்காது. போய் வரவே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். ஜூன் 1 அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். காலை மாலைப் பயணம் எல்லோர் கண்ணிலும் படும். மத்தியானத்தில் நகரத்துக்குள்ளேயே நடக்கிற இந்தச் சின்னப் பயணம், அதைச் செய்பவருக்கு மட்டுமே தெரியும். உங்களிடம் நிரப்பத் தந்த பயணப் படிவத்தில் அதற்கொரு கட்டம் சேர்த்ததும், பிள்ளையைக் கூட்டப் போகிறவர்கள் 8 பேரும், பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் 3 பேரும் தெரியவந்தார்கள்.

வாடிக்கையாளர்கள் கடிதம் கொடுக்கவும் காசோலை வாங்கவும் நகரத்தில் ஒரு சிறு கருமபீடம் வைத்திருக்கப் போகிறோம். அதன் பின்னறையில் ஆறு மேசை போடலாம். அந்த ஆறும் டிசம்பர் 31 வரை இந்த 11 பேருக்குத்தான். கிளினிக் என்பது மாதத்தில் ஓரிரு நாள். ஆகவே அந்த மூவரும் ஒரு மேசையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், கிளினிக் நாளில் மட்டும் அங்கே இருப்பார்கள். மீதி ஐந்து மேசைக்கு எட்டுப் பேர். வீட்டில் வேறு வளர்ந்தவர் இல்லாத, பிள்ளை 5ஆம் வகுப்புக்குக் கீழே உள்ள இருவருக்குத் தினமும் மேசை. மற்ற ஆறு பேரும் இருவர் இருவராக ஒரு மேசை. ஒருவர் திங்கள், செவ்வாய், ஒன்றுவிட்டொரு புதன் என்றும், மற்றவர் எஞ்சிய நாட்கள் என்றும் தங்களுக்குள் பேசி எழுதித் தந்துவிட்டார்கள். சீனக்குடாவில் இருக்கும் நாளில் பிள்ளையைக் கூட்ட, பள்ளிக்கூட வானோ தெரிந்த ஆட்டோவோ பிடித்தால் அந்த நாளுக்கான கட்டணத்தில் பாதியைத் தருகிறோம்.

இதில் ஓர் எல்லை உண்டு. வாடிக்கையாளரின் சம்பளக் கோப்புகள் கருமபீடத்துக்கு வரக்கூடாது. பூட்டும் அலுமாரியும் அங்கே இல்லை. வெளியாள் வந்து போகும் இடம். ஆகவே சம்பளப் பிரிவில் இருந்து அங்கே இருப்பவர்கள் அந்த நாட்களில் சரிபார்ப்பு, கடிதப் பதில், வருகைப் பதிவு போன்ற வேலைகளைச் செய்வார்கள். உங்கள் பிரிவுத் தலைவரிடம் வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அவர் முகம் சுளித்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

டிசம்பருக்குப் பிறகு என்ன? புது வருடத்தில் நேர அட்டவணையும் பிள்ளைகளின் வகுப்பும் மாறும். நவம்பரில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். மேசை போய்விடும் என்றும் சொல்லவில்லை, நிச்சயம் இருக்கும் என்றும் சொல்லவில்லை.

மாசக் கடைசியில ஏழு, எட்டு மணி வரை நிக்க வேண்டி வருது. அந்த நேரம் சீனக்குடா றோட்டில பஸ்ஸுக்கு நிக்கச் சொல்றீங்களோ? நான் பொம்பிளை.

இல்லை. மாலை 6 மணிக்கு மேல் யாரை நிற்கச் சொன்னாலும், அன்று 3 மணிக்கு முன் சொல்ல வேண்டும் என்பது இனி விதி. அப்படி நிற்பவர்கள் எல்லோருக்கும், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், வீட்டு வாசல் வரை வாகனம். 3 மணிக்குப் பிறகு சொன்னால் நீங்கள் மறுக்கலாம்; அதற்கு விளக்கம் எழுதித் தரத் தேவையில்லை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பது இப்போது போலவே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு டவுன் பள்ளிக்குப் போவம். இனி?

வெள்ளைமணல் பக்கம் பள்ளிவாசல் இருக்கிறது. வெள்ளிகளில் மதிய இடைவேளை 12.00 முதல் 1.45 வரை. கூடும் முக்கால் மணி நேரத்தை மாலையில் ஈடுசெய்ய வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது? அங்க கடையே இல்லை.

நகரத்து மாதிரி இல்லைதான். ஒரு கடையோடு சோற்றுப் பார்சலுக்குப் பேசியிருக்கிறோம். காலை 9.30க்கு முன் பெயர் எழுதினால் 12.15க்கு வரும். காசு உங்களுடையது, கொண்டுவருகிற கூலி எங்களுடையது. குளிர்சாதனப் பெட்டி ஒன்றும், சூடாக்க இரண்டு மைக்ரோவேவும் உண்டு. மீன் குழம்பைச் சூடாக்குவது பற்றி ஏற்கனவே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அதற்குள் நாங்கள் வரவில்லை.

தூரம் கூடினா விபத்தும் கூடும். வேலைக்கு வாற வழியில அடிபட்டா ஆர் பொறுப்பு?

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 2022இல் ஒரு திருத்தம் வந்தது. வீட்டில் இருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பிப் போகும்போதும் நடக்கும் விபத்தையும் அது சேர்த்துக்கொண்டது. அப்படி நடந்தால் நட்டஈடு கேட்கலாம். பஸ், மோட்டார் சைக்கிள், நடை எதுவென்றாலும் சரி.

கைக்கொள்ள வேண்டியது இரண்டு. அன்றே, முடியாவிட்டால் மறுநாள், நீங்களோ வீட்டாரோ எங்களுக்கு அறிவியுங்கள். பொலிஸ் முறைப்பாட்டையும் வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் கார்ட்டையும் பத்திரமாக வையுங்கள். சின்ன அடி என்று பொலிசுக்குப் போகாமல் வீட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்துக் கால் வீங்கி வந்தால், எங்கே எப்போது நடந்தது என்று காட்ட எதுவும் இருக்காது. வழமையாக வரும் பாதையைப் படிவத்தில் எழுதச் சொன்னதற்கும் இதுதான் காரணம். உங்களைக் கண்காணிக்க அல்ல. வாடகை வானுக்குப் பயணிகளையும் சேர்த்த காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டோம்.

என்னால சீனக்குடாவுக்கு வரவே ஏலாது எண்டா? நானே விலகினதா எடுப்பீங்களோ?

எடுக்க மாட்டோம், எடுக்கவும் முடியாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளோ அதற்கு மேலோ வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வது அது. நாம் இரண்டு நிபந்தனைக்குள்ளும் வருகிறோம்.

ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அண்மையில் சேர்ந்தவர்களின் கடிதத்தில், திருகோணமலை மாவட்டத்துக்குள் நிர்வாகம் குறிப்பிடும் இடத்தில் வேலை என்று இருக்கும். பழையவர்களின் கடிதத்தில் உட்துறைமுக வீதி முகவரியே வேலைத்தலமாக எழுதியிருக்கிறது. அவர்களுக்கு இணைப்புக் கடிதம் ஒன்று வரும். வேலைத்தலம் மட்டும் மாறுகிறது; சம்பளம், பதவி, சேவைக்காலத் தொடர்ச்சி எதுவும் மாறாது என்று அதில் இருக்கும். கையில் கிடைத்த இடத்திலேயே கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள், வேண்டுமானால் தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். ஜூலை 24 வெள்ளிக்குள் திருப்பித் தந்தால் போதும்.

அப்படியும் முடியாது என்றால் முதலில் வந்து பேசுங்கள். நகரக் கருமபீடத்தில் நிரந்தரமாக இருவர் தேவை. கள வேலைக்கு, அதாவது வாடிக்கையாளர் இடத்துக்கே போய் வருகைப் பதிவு எடுப்பதற்கு, மூவர் தேவை. நிலாவெளி ஹோட்டல்களுக்குப் போகும் வேலை நிலாவெளிக்காரருக்குப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

எல்லாம் பார்த்தும் விலகுவதென்றே முடிவெடுத்தால், ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. தானாக விலகினாலும் உண்டு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி. ஏழு வருடம் வேலை செய்து, கடைசிச் சம்பளம் 60,000 ரூபா என்றால், 30,000ஐ ஏழால் பெருக்கி 210,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் தரவேண்டும், தருவோம்.

எனக்கு நாலு வருசம் எட்டு மாசம். இப்ப விலகினா?

சட்டப்படி ஒன்றும் கிடைக்காது, ஐந்து வருடம் முடியவில்லை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உங்களைப் போல் இன்னும் இருவர் இருக்கிறார்கள். ஐந்து வருடம் முடியும் வரை மூவருக்கும் வானிலோ கருமபீடத்திலோ இடம் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இந்த வான், பெற்றோல் எல்லாம் எவ்வளவு காலத்துக்கு? ஆறு மாசத்தில நிப்பாட்டிப்போட்டு கையை விரிப்பீங்களோ?

அடுத்த வருடம் ஜூலை 31 வரை, 12 மாதம். இது இணைப்புக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, வாய்ச்சொல் அல்ல. அதற்குப் பிறகு, பயண நேரம் இன்னும் அரை மணிக்கு மேல் கூடுதலாக இருப்பவர்களுக்குத் தொடரும். மற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைந்து நிற்கும். இடையில் வீடு மாறி அலுவலகத்துக்கு அண்மையில் வந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் சீனக்குடா என்று தெரிந்தே சேர்கிறார்கள்.

என்ட மேசைச் சாமானை நானே கட்டவேணுமோ?

உங்களுடைய சொந்தப் பொருட்களை மட்டும். ஆளுக்கு இரண்டு பெட்டி. பெயரும் புது இருக்கை இலக்கமும் ஒட்டிய சீட்டுடன் உங்கள் சாமான் ஏறும் வாரத்தின் புதன்கிழமை மேசையில் இருக்கும். வெள்ளி 3 மணிக்குள் கட்டி முடியுங்கள். கணினியைக் கழற்ற வேண்டாம். அணைத்துவிட்டு அப்படியே விடுங்கள், கணினிப் பிரிவு பார்த்துக்கொள்ளும். கோப்பு அலுமாரித் திறப்புகளைப் பிரிவுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். காசு, நகை, பிள்ளைகளின் சான்றிதழ் போன்றவற்றைப் பெட்டிக்குள் போடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். பூச்சாடிகளை லொறியில் ஏற்றமாட்டோம். வானில் கொண்டுவரலாம், பக்கத்து இருக்கைக்காரர் சம்மதித்தால்.